குழந்தையின் முதல் வருடம் மூன்றே நிமிடத்தில்: மாதம் வாரியாக வீடியோ தொகுப்பது எப்படி?

முதல் பிறந்தநாள் விழா என்றால் இப்போது மண்டபத்தில் எல்இடி திரை கட்டாயம் ஆகிவிட்டது. கேக் வெட்டுவதற்கு முன் அதில் ஒரு வீடியோ ஓடும். துணியில் சுற்றிய சின்ன முகத்தில் தொடங்கி, கை விட்டு நிற்பதில் முடியும். பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் அதற்காக நான்கைந்து ராத்திரி தூங்காமல் இருந்திருப்பார்.

எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்தான். அக்கா மகனுக்குக் கடந்த செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை விக்கிரவாண்டியில் ஒரு மண்டபத்தில் பிறந்தநாளும் காதுகுத்தும் சேர்த்து வைத்திருந்தார்கள். "நீதானே மீடியா படிச்ச, நீயே பண்ணிடு" என்று அக்கா சொன்னபோது, பாட்டு ஒன்று போட்டு போட்டோக்களை வரிசையாக வைத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வரிசை என்ற அந்த ஒரு விஷயத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

காரணம், ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்ட, டிசம்பர் 2 அன்று ரயில்களையே நிறுத்தினார்கள். பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருந்த அக்காவின் போன், டிசம்பர் 1 காலை வீட்டுக்குள் வந்த தண்ணீரில் போனது. போனில் இடம் நிரம்பியதால் பேக்கப் எப்போதோ நின்றிருந்தது. குழந்தையின் முதல் மூன்று மாதங்கள் அந்த போனில்தான் இருந்தன.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: சிங்கப்பூரில் வேலை செய்யும் மாமாவுக்கு அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியவை. அதிலிருந்து அந்த மூன்று மாதங்களை எப்படி மீட்டோம், மொத்த வீடியோவையும் எப்படித் தொகுத்தோம் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். புயல் வராத வீட்டிலும் பெரும்பாலும் இதே சிக்கல்தான் இருக்கும்.

முதல் வேலை: வாங்கும் விதம்

குழந்தையின் படங்கள் ஒரே போனில் இருக்காது. அம்மா, அப்பா, ஆயா, சித்தி என்று நான்கு போன்களில் சிதறிக் கிடக்கும். "அந்த போட்டோ எல்லாம் அனுப்புங்க" என்று கேட்டால் எல்லோரும் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிவிடுவார்கள். அங்கேயே இரண்டு இழப்பு நேர்கிறது. படத்தின் அளவு சுருங்கும். படத்துக்குள் பதிந்திருக்கும் 'எடுத்த தேதி' என்ற தகவலும் அழிந்துவிடும்.

அதனால் கேட்கும்போதே "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு, கேலரிக்குப் பதில் டாக்குமென்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு அப்படியே வரும். தேதியும் கூடவே வரும். பக்கத்தில் இருப்பவர்கள் என்றால் கேபிள் போட்டு லேப்டாப்பில் நேரடியாக ஏற்றிவிடலாம். ஏற்றிய பிறகு 'மாற்றிய தேதி' வாரியாக அடுக்காதீர்கள். நகல் எடுக்கும்போது அந்தத் தேதி சில நேரம் இன்றைய தேதியாகிவிடும். 'எடுத்த தேதி' வாரியாக அடுக்க வேண்டும்.

கோப்பின் பெயரே சாட்சி

மாமா தன் போனில் இருந்ததை அனுப்பினார். அதில் கோப்புகளின் பெயர் இரண்டு வகையாக இருந்தது.

```
IMG_20241120_103412.jpg
IMG-20241124-WA0011.jpg
```

முதல் வகை, பல ஆண்ட்ராய்டு போன்களின் கேமரா தானே வைக்கும் பெயர். 2024 நவம்பர் 20, காலை 10 மணி 34 நிமிடம் 12 விநாடிக்கு எடுத்தது என்று அதுவே சொல்லிவிடும். அக்கா எப்போதாவது டாக்குமென்ட்டாக அனுப்பியதால் தப்பித்தவை இவை. மொத்தமே ஏழெட்டுதான் இருந்தன.

இரண்டாவது வகையில் WA என்று வந்தால் அது வாட்ஸ்அப் வழியாக வந்தது. அதில் உள்ள தேதி, படம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்த நாள். எடுத்த நாள் அல்ல. அன்றன்றைக்கு அனுப்பியிருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கும், பிரச்சினை இல்லை. ஆனால் ஒரே தேதியில் எண்கள் தொடர்ச்சியாக நீளமாகப் போனால் உஷாராகிவிடுங்கள். யாரோ பழைய படங்களை மொத்தமாக அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எங்களுக்கு WA0011 முதல் WA0053 வரை, ஒரே நாளில் 43 படங்கள். எல்லாம் நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. அக்காவிடம் கேட்டேன்.

"அன்னைக்குத்தான் மாமா லீவு. எதுவுமே அனுப்ப மாட்டேங்குறன்னு கோச்சுக்கிட்டாரு. இருக்கறத எல்லாம் தூக்கிப் போட்டேன்."

பெயரை நம்பி இருந்தால் 43 படங்களும் மூன்றாம் மாதத்தில் போய் விழுந்திருக்கும். பார்க்கிற சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. ஆனால் இருபது நாள் குழந்தை, இரண்டரை மாதக் குழந்தைக்குப் பின்னால் வந்து நிற்கும். பெற்றவளுக்கு அது உடனே தெரியும்.

தேதி தெரியாத படத்துக்கு வயது கண்டுபிடிப்பது எப்படி?

இங்கே உதவியது தடுப்பூசி அட்டை. குழந்தை பிறந்தது 2024 செப்டம்பர் 11, புதன்கிழமை. அரசு அட்டவணைப்படி பிறந்தவுடன் ஒரு முறை, பிறகு 6, 10, 14 வாரங்களில் ஊசி. அட்டையில் ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதியிருப்பார்கள். எங்கள் அட்டையில் அது அக்டோபர் 23, நவம்பர் 20, டிசம்பர் 18. மூன்றுமே புதன்கிழமை. தொடையில் பஞ்சு ஒட்டியிருக்கும் படம் எந்தப் படமானாலும் இந்த மூன்று தேதிகளில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அதில் மூன்றாவது, 24-ஆம் தேதிக்குப் பிறகு வருவதால் தானாகவே விலகிவிடுகிறது.

இடது தோளில் பிறந்தவுடன் போடும் பிசிஜி ஊசி இன்னொரு துப்பு. அது உடனே தழும்பாகாது. சில வாரம் கழித்துச் சின்னக் கட்டி போல எழும்பும். அதன் பிறகுதான் தழும்பாக மாறும். தோள் வழவழவென்று இருந்த படங்களை முதல் மாதத்தின் பக்கம் தள்ளினோம். கட்டி தெரிந்தவை அதற்குப் பிந்தியவை. ஒவ்வொரு குழந்தைக்கும் நாள் கொஞ்சம் மாறும் என்பதால், முன்னே பின்னே என்று வரிசைப்படுத்த மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். தேதி சொல்ல இது போதாது.

மற்றது பண்டிகை. தீபாவளி அக்டோபர் 31. மஞ்சள் சட்டை போட்ட நான்கு படங்கள் அன்றையவை என்று அம்மா பார்த்ததும் சொன்னார். மொட்டை போட்ட குழந்தை என்றால் இன்னும் சுலபம். முடியின் நீளமே காலண்டர் மாதிரி வேலை செய்யும்.

ஆனால் ஒரு துப்பை நம்பவே கூடாது: 'குப்புற விழுந்தான், அப்படியென்றால் நாலாம் மாதம்' என்ற கணக்கு. உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பிடிமானம் இல்லாமல் உட்காரும் வயது 3.8 மாதத்தில் இருந்து 9.2 மாதம் வரை இருந்தது. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. இத்தனை இடைவெளி இருக்கும்போது, உட்கார்ந்திருப்பதை வைத்து மாதம் சொல்வது வெறும் ஊகம். அதே காரணத்தால், ஒரு வயதில் நடக்காத குழந்தையின் வீடியோவில் நடக்கும் காட்சி இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம்.

இப்படிப் பார்த்ததில் 43 படங்களில் 9 மட்டுமே உண்மையில் மூன்றாம் மாதம். 29 அதற்கு முந்தியவை. 5 படங்களுக்கு வயது சொல்லவே முடியவில்லை. அவற்றை விட்டுவிட்டோம்.

எது ஒன்றாம் மாதம்?

காலண்டர் மாதத்தை வைத்துப் பிரித்தால் குழப்பம் வரும். குழந்தையின் வயதை வைத்துப் பிரியுங்கள். செப்டம்பர் 11 முதல் அக்டோபர் 10 வரை ஒன்றாம் மாதம். நவம்பர் 11 முதல் டிசம்பர் 10 வரை மூன்றாம் மாதம். 01 முதல் 12 வரை 12 ஃபோல்டர் போட்டு, ஒவ்வொன்றின் பெயரிலும் தொடங்கும் தேதியை எழுதிவிடுங்கள்.

வீட்டில் "மூணு மாசம்" என்றால் மூன்று முடிந்ததா, மூன்று நடக்கிறதா என்று ஒரு சண்டை வரும். எங்கள் வீட்டிலும் வந்தது. நடக்கும் மாதத்தையே திரையில் போடுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், பன்னிரண்டாம் மாதம் பிறந்தநாளுக்கு முந்திய நாளோடு சரியாக முடியும்.

எத்தனை படம், எத்தனை விநாடி?

நான்கு போன்களில் இருந்து எங்களுக்கு வந்தவை இரண்டாயிரத்துக்கும் மேல். மண்டபத்தில் நின்றுகொண்டு பார்ப்பவர்கள் மூன்றரை நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டார்கள். அதனால் நேரத்தை முதலில் தீர்மானித்து, அதற்குள் படங்களை அடக்குவதுதான் வழி.

எங்கள் கணக்கு இது: ஒரு மாதத்துக்கு 15 விநாடி. அதில் 4 படங்கள், ஒவ்வொன்றும் இரண்டரை விநாடி. மிச்சம் 5 விநாடிக்கு ஒரு வீடியோ துண்டு. பன்னிரண்டு மாதத்துக்கு 180 விநாடி. தொடக்கத்துக்கு 8, முடிவுக்கு 12 சேர்த்தால் 200 விநாடி, அதாவது 3 நிமிடம் 20 விநாடி.

இரண்டரை விநாடிக்குக் குறைந்தால், பின்வரிசையில் இருப்பவர் 'யார் தூக்கி வெச்சிருக்கா?' என்று பார்ப்பதற்குள் படம் போய்விடும். நாலு விநாடிக்கு மேல் போனால் போட்டோ ஆல்பம் புரட்டுவது போல் ஆகிவிடும்.

நான்கு படங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹாஃப்மீஸ்டர் என்ற படக்கலைஞர், 1999-இல் பிறந்த தன் மகள் லோட்டேயை வாரம் ஒரு முறை ஒரே மாதிரி வெள்ளைப் பின்னணியில் படம்பிடித்தார். 12 வருடத்தை மூன்று நிமிடத்துக்கும் குறைவாகச் சுருக்கி 2012-இல் அவர் வெளியிட்டது உலகம் முழுக்கப் பரவியது. பின்னணி மாறாததால், முகம் மாறுவது மட்டுமே கண்ணுக்குத் தெரியும். ரகசியம் அவ்வளவுதான்.

வருடம் முடிந்த பிறகு நம்மால் அப்படி எடுக்க முடியாது. ஆனால் தேடினால் எதேச்சையாக ஒன்று கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது ஆயாவின் மடி. அம்மாவை 'ஆயா' ஆக்கிய அந்த மடியில் குழந்தை படுத்திருக்கும், உட்கார்ந்திருக்கும், நழுவி ஓடும் படம் பன்னிரண்டு மாதத்தில் பத்துக்கு இருந்தது. ஒவ்வொரு மாதத்தின் முதல் படமாக அதையே வைத்தோம். உங்கள் வீட்டில் அது ஒரு தூளியாகவோ, ஒரே போர்வையாகவோ இருக்கலாம். மற்ற மூன்று படங்களில் ஒன்று முகம், ஒன்று யாராவது உடன் இருப்பது, ஒன்று அந்த மாதத்தில் மட்டும் நடந்தது.

செங்குத்துப் படம், அகலத் திரை

போனை நிமிர்த்திப் பிடித்துத்தான் எல்லோரும் எடுக்கிறோம். மண்டபத் திரையோ அகலமானது. 1920×1080 அளவுள்ள திரையில் ஒரு செங்குத்து வீடியோவை உயரத்துக்குச் சரியாக வைத்தால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பாது. அகலத்துக்கு இழுத்தால் தலையும் காலும் வெட்டுப்படும்.

போட்டோக்களுக்கு எளிய தீர்வு, இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. போன் கேமராவின் வழக்கமான 3:4 படம் இரண்டு சேர்ந்தால் 1620 பிக்ஸல் அகலம் வரும், திரை ஏறத்தாழ நிரம்பிவிடும். ஒரு ஜோடிக்கு 5 விநாடி கொடுத்தால் நேரக் கணக்கும் மாறாது. வீடியோவை நடுவில் வைத்து, அதே வீடியோவை மங்கலாகப் பின்னால் பரப்பலாம். கைன்மாஸ்டர் போன்ற போன் செயலிகளிலும், லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ், ஷாட்கட் போன்றவற்றிலும் இதைச் செய்யலாம்.

வாட்ஸ்அப் படம் திரையில் மங்கலாகத் தெரியுமோ என்று நான் பயந்தேன். வழக்கமாக அது நீளவாக்கில் 1600 பிக்ஸல் அளவுக்கு இருக்கும். 1080 உயரத் திரைக்கு அது தாராளம். ஒரே நிபந்தனை, ஜூம் செய்யாதீர்கள். முகத்தை நோக்கி மெல்ல நகரும் எஃபெக்ட்டைத் தட்டினால்தான் உடைசல் தெரியும். வாட்ஸ்அப் வீடியோ இன்னும் சிறியது என்பதால், அதைத் திரை முழுக்க இழுக்காமல் நடுவில் சின்னதாகவே வையுங்கள்.

பாட்டைக் கொஞ்சம் குறைங்க

பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, வீடியோ துண்டுகளின் சத்தத்தை மொத்தமாக அணைத்துவிட்டு ஒரு சினிமா பாட்டைப் போடுவது. பத்து வருடம் கழித்து அந்தப் பாட்டு எங்கேயும் கிடைக்கும். "ங்கா" என்ற குரல் கிடைக்காது.

அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர் டெப் ராய், தன் மகன் பேசக் கற்றுக்கொள்வதை ஆராய வீட்டுக்கூரையில் 11 கேமராக்களும் 14 மைக்குகளும் பொருத்தினார். 2011-இல் டெட் மேடையில் அவர் ஒலிக்கவிட்டது ஒரே ஒரு சொல்லை. 'காகா' என்று தொடங்கிய மழலை, மெல்ல மெல்லத் தண்ணீரைக் குறிக்கும் 'வாட்டர்' ஆக மாறுவதை 40 விநாடியில் கேட்டது அரங்கம்.

நாம் கூரையில் கேமரா வைக்கத் தேவையில்லை. ஒவ்வொரு மாதத்தின் அந்த 5 விநாடித் துண்டைக் குரலுக்காகத் தேர்ந்தெடுத்தால் போதும். துண்டு ஓடும்போது இசையை 15 டெசிபல் அளவுக்குக் குறைத்து, முடிந்ததும் ஏற்றுங்கள். சட்டென்று இல்லாமல் அரை விநாடியில் ஏறி இறங்கட்டும்.

மூன்றாம் மாதத்துக்கு எங்களிடம் ஒரு வீடியோ துண்டுகூட இல்லை. 9 படங்கள்தான். அப்போது மாமா ஒரு கோப்பை அனுப்பினார். டிசம்பர் 2 அன்று, பக்கத்து வீட்டு மாடியில் தங்கியிருந்தபோது, யாருடைய போனிலோ அக்கா பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ். "நாங்க நல்லா இருக்கோம். குட்டி தூங்கிட்டான். போன் போயிடுச்சு, பயப்படாதீங்க." பின்னால் மழைச் சத்தம். கடைசியில் குட்டி தூங்கவில்லை என்பதும் கேட்டது.

வாய்ஸ் மெசேஜ் .opus என்ற வகையில் இருக்கும். சில தொகுப்புச் செயலிகள் அதை ஏற்காது. லேப்டாப்பில் எஃப்எஃப்எம்பெக் இருந்தால் ஒரே வரியில் மாற்றிவிடலாம்:

```
ffmpeg -i PTT-20241202-WA0003.opus -ar 48000 kural.wav
```

அந்த மாதத்துக்கு மட்டும் 6 படங்கள், 15 விநாடி. பாட்டை முழுதாக நிறுத்தி அந்தக் குரலை வைத்தேன். விசேஷத்தில் வெள்ளத்தை எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும் என்று அப்பா தயங்கினார். "அதுவும் அவன் பொறந்த வருஷம்தானே, இருக்கட்டும்" என்றார் அம்மா. வைத்துவிட்டேன்.

இன்னொரு முடிவும் எடுத்தோம். குளிப்பாட்டும் படங்கள் எதுவும் மண்டப வீடியோவில் இல்லை. எதிரே முந்நூறு பேர் இருப்பார்கள், எல்லோர் கையிலும் போன் இருக்கும்.

மண்டபத்துக்குக் கொண்டுபோகும் முன்

எம்பி4 கோப்பு, எச்.264, 1920×1080, விநாடிக்கு 30 ஃபிரேம். இப்படி எடுத்தால் எந்த லேப்டாப்பிலும் ஓடும். 16 எம்பிபிஎஸ் தரத்தில் 200 விநாடிக்குச் சுமார் 400 எம்பி வரும். இரண்டு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்இடி திரையில் சின்ன எழுத்து தெரியாது. நான் அழகாக வைத்திருந்த மாதப் பெயர்கள் முதல் நாள் சோதனையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அளவை இரண்டு மடங்காக்கி மறுபடி எடுத்தேன். அதனால் முந்திய நாளே, மண்டபத்தில், திரையை இயக்குபவரின் லேப்டாப்பில், கடைசி விநாடி வரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். படம் மட்டும் அல்ல, ஸ்பீக்கரில் சத்தமும் வருகிறதா என்று கேளுங்கள். திரைக்கு ஒருவர், சவுண்டுக்கு வேறொருவர் என்றால், இரண்டையும் இணைக்கும் ஒயர் யார் பொறுப்பு என்பது விழா நேரத்தில்தான் தெரியவரும்.

எங்கள் வீடியோ ஓடியபோது, மூன்றாம் மாதத்தில் பாட்டு நின்றதும் ஏதோ கோளாறு என்று நினைத்து சவுண்டுக்காரர் எழுந்துவிட்டார். அடுத்த நொடி மழைச் சத்தமும் அக்காவின் குரலும் வந்தன. சாப்பாட்டுப் பந்திக்குக் கிளம்பியவர்கள் நின்றார்கள். அந்த நேரம் ஊரில் இருந்த எல்லோருக்கும் அது எந்த மழை என்று தெரியும்.

விழா முடிந்த இரவே அக்கா செய்த முதல் வேலை, 12 ஃபோல்டர்களையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு மாமாவிடம் கொடுத்து அனுப்பியது. ஒரு நகல் விக்கிரவாண்டியில், ஒன்று சிங்கப்பூரில். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் வெள்ளம் வராது என்பது அவள் கணக்கு.